பெயரை வெட்டினாலும் ஆள் தெரியும்

வருடாந்த மதிப்பீட்டுக் குறிப்புகளைச் சுருக்கும்போது எதை வைப்பது, எதை விடுவது?

ஏ-9 வீதியில் ஓமந்தையைக் கடந்து வடக்கே போனால், கனகராயன்குளத்துக்கு முன்னால் புளியங்குளம் சந்தி வருகிறது. நெடுங்கேணி வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் வீதி இங்கேதான் கிழக்கே பிரிகிறது. இந்தப் பக்கத்தில் இயங்கும் அலுவலகங்கள் பெரும்பாலும் சிறியவை. அரசின் கிளையானாலும், கூட்டுறவுச் சங்கமானாலும், தொண்டு நிறுவனமானாலும் இருபது முப்பது பேர்தான் வேலை செய்வார்கள். அவர்களில் பாதிப்பேர் ஒருவருக்கொருவர் உறவு, அல்லது ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், அல்லது 2009இல் ஒரே முகாமில் இருந்தவர்கள்.

வருட முடிவில் இங்கேயும் செயலாற்றுகை மதிப்பீடு நடக்கிறது. படிவத்தில் புள்ளி போடுவதற்குக் கட்டங்கள் இருக்கும். கடைசியில் மேற்பார்வையாளர் தன் சொந்த வசனத்தில் எழுதுவதற்கு ஒரு பெட்டி இருக்கும். புள்ளிகள் சம்பள ஏற்றத்துக்குப் போய்விடும். எழுதிய குறிப்புகள் மட்டும் ஒரு கட்டாகச் சேரும். தலைமை அலுவலகத்திலிருந்து யாராவது கேட்பார்கள்: “எல்லாத்தையும் வாசிச்சு ரெண்டு பக்கத்தில தாங்கோ. பொதுவா என்ன சொல்லுகினம் எண்டு தெரிஞ்சால் காணும்.”

கேட்பதில் பிழையில்லை. எந்தப் பயிற்சிக்கு அடுத்த வருடம் பணம் ஒதுக்குவது, எந்தப் படிவத்தை மாற்றுவது, எங்கே வாகனம் போதவில்லை என்பதெல்லாம் அந்தக் குறிப்புகளில்தான் கிடக்கின்றன. ஆனால் அதே குறிப்புகளில்தான் ஒருவரின் மகளுடைய வருத்தம், இன்னொருவரின் கடன், வேறொருவரின் கடந்தகாலம் எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டு பக்கம் எழுதுகிறவர் பெயர்களை வெட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார். வன்னியில் பெயரை வெட்டுவதால் ஏறக்குறைய ஒன்றும் மறைவதில்லை. எதைச் செய்தால் மறையும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

ஆறு பேர், மூன்று பேர், ஒருவர்

பெயரில்லாத தரவிலிருந்து ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்பதை உலகுக்குக் காட்டிய சம்பவமும் ஊழியர் தரவு பற்றியதுதான். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் அரச ஊழியர்களின் மருத்துவக் காப்புறுதியைக் கவனித்த ஆணைக்குழு, ஊழியர்களின் வைத்தியசாலைப் பதிவுகளை ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. பெயர், முகவரி எல்லாம் நீக்கப்பட்டிருந்தன. அந்தரங்கத்துக்கு ஆபத்தில்லை என்று ஆளுநர் வில்லியம் வெல்ட் உறுதி சொன்னார். 1990களின் பிற்பகுதியில், அப்போது மாணவியாக இருந்த லதான்யா ஸ்வீனி கேம்பிரிட்ஜ் நகரத்தின் வாக்காளர் பட்டியலை 20 டொலருக்கு வாங்கினார். ஏறத்தாழ 54,000 பேர் கொண்ட அந்தப் பட்டியலில் ஆளுநரின் பிறந்த திகதியில் பிறந்தவர்கள் ஆறு பேர். அவர்களில் மூவர் ஆண்கள். ஆளுநரின் தபால் குறியீட்டில் வசித்தவர் ஒருவர்தான். பெயரில்லாத பதிவுகளில் ஆளுநருடைய மருத்துவப் பதிவு எது என்பது அதோடு தெரிந்துவிட்டது.

பிறந்த திகதி, பால், வசிக்கும் இடம் என்ற மூன்று தகவல்களே போதுமாக இருந்தன. தனித்தனியே எடுத்தால் எதுவும் இரகசியமில்லை. சேர்த்து வைத்தால் ஆள் ஒருவர்தான் மிஞ்சுகிறார்.

54,000 பேர் கொண்ட பட்டியலுக்கு மூன்று தகவல் தேவைப்பட்டது. 32 பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு ஒன்று போதும். ‘பெண் சாரதி’ என்றால் ஒருவர். ‘களஞ்சியப் பொறுப்பு’ என்றால் ஒருவர். ‘மருதோடைப் பக்கம் பார்ப்பவர்’ என்றால் அதிகபட்சம் இருவர். வாக்காளர் பட்டியலை யாரும் வாங்கத் தேவையில்லை. பக்கத்து மேசையில் இருப்பவருக்கு எல்லாம் மனப்பாடம்.

ஒரு கட்டுக் குறிப்புகள்

விளக்கத்துக்காக ஓர் அலுவலகத்தை அமைத்துக்கொள்வோம். அலுவலகமும் ஆட்களும் எண்களும் கற்பனை. ஆனால் குறிப்புகளின் தொனி இந்தப் பக்கத்துப் படிவங்களைப் பார்த்த எவருக்கும் பழக்கமானது.

வாழ்வாதார உதவி வழங்கும் ஒரு நிறுவனம். புளியங்குளத்தில் அலுவலகம். மொத்தம் 32 பேர். கள உத்தியோகத்தர்கள் 22, கணக்கும் நிர்வாகமும் 4, சாரதிகள் 3, களஞ்சியமும் காவலும் 3. மேற்பார்வையாளர்கள் ஐந்து பேர் இந்த 32 பேரையும் மதிப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். அந்தக் கட்டிலிருந்து நான்கு குறிப்புகள்:

“மகளின் வருத்தத்துக்காக மாதம் இரண்டு தடவை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அதனால் மாத அறிக்கை பிந்துகிறது. நேர்மையான ஆள்.”

“கணவர் இல்லாதவர், பிள்ளைகள் சிறியவர்கள். பின்னேரக் கூட்டத்துக்கு நிற்கமாட்டார். பயனாளிகளோடு நல்ல பழக்கம். அறிக்கை ஆங்கிலத்தில் எழுதக் கஷ்டப்படுகிறார், பிந்தித்தான் தருவார்.”

“புனர்வாழ்வு பெற்று வந்தவர். காலில் பழைய காயம். மோட்டார் சைக்கிளில் தூரம் ஓட முடியாததால் உட்கிராமங்களுக்குப் போவது குறைவு.”

“வெளியில் கடன் இருப்பதாகக் கேள்வி. பணம் கையாளும் வேலை கொடுக்கும்போது கவனம் தேவை.”

எழுதிய மேற்பார்வையாளர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. முதல் மூன்று குறிப்புகளும் இரக்கத்தோடு எழுதப்பட்டவை. ‘இவருக்கு இப்படி ஒரு கஷ்டம் இருக்கு, புள்ளி குறைந்ததுக்கு அதுதான் காரணம்’ என்று மேலே சொல்லி, தன் ஆளைக் காப்பாற்றப் பார்க்கிறார் மேற்பார்வையாளர். அந்தரங்கத் தகவல் பெரும்பாலும் இரக்கத்தின் வழியாகத்தான் படிவத்துக்குள் வருகிறது. அதனால்தான் அது யார் கண்ணையும் உறுத்துவதில்லை.

இந்தக் கட்டைச் சுருக்குபவர் வழக்கமாக எழுதுவது இப்படி இருக்கும்: “சில பெண் உத்தியோகத்தர்கள் குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பின்னேரக் கூட்டங்களுக்கு வருவதில்லை. உடல் இயலாமை உள்ள ஒருவர் களப்பணியில் பின்தங்கியுள்ளார். ஒருவரின் நிதிநிலை குறித்துக் கவனம் தேவை.” பெயர் ஒன்றும் இல்லை. ஆனால் இந்தப் பந்தி அலுவலகத்தில் வாசிக்கப்பட்டால், மூன்று வசனங்களுக்கும் மூன்று முகங்கள் எல்லோர் மனதிலும் வந்துவிடும். கடன் பற்றிய வசனம் அவற்றில் மிக மோசமானது. அதுவரை அதைப் பற்றித் தெரியாதிருந்தவர்களும் ‘அது யார்?’ என்று தேடத் தொடங்குவார்கள். பிழையான ஆளைக் கண்டுபிடிக்கவும் கூடும்.

தகவலை எடுத்தால் காரணமும் போய்விடுமா?

சரி, அந்தரங்கத்தையெல்லாம் வெட்டிவிடலாம் என்று தொடங்கினால் அடுத்த சிக்கல் வருகிறது. ‘மாத அறிக்கை பிந்துகிறது, கூட்டத்துக்கு வருவது குறைவு, களப்பணி குறைவு’ என்று மட்டும் மிஞ்சும். கொழும்பில் இருந்து வாசிப்பவருக்குப் புளியங்குளத்து ஆட்கள் சோம்பேறிகள் என்று தோன்றும். மேற்பார்வையாளர் காப்பாற்ற எழுதியது, சுருக்கத்தில் குற்றச்சாட்டாக மாறிவிடும்.

இந்த வேலையின் நெளிவு இங்கேதான் இருக்கிறது. நல்ல சுருக்கத்தைக் கெட்டதிலிருந்து பிரிப்பதும் இதுவே என்பது என் கருத்து. ஒவ்வொரு குறிப்பையும் எடுத்து, ‘இந்த ஆளுக்கு என்ன?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘அலுவலகத்தின் எந்த ஏற்பாடு இங்கே இடிக்கிறது?’ என்று கேட்க வேண்டும். பதில் எப்போதும் வேலையைப் பற்றியதாக இருக்கும். அந்தரங்கத் தகவல் அங்கே தேவைப்படாது, தானாகவே கழன்றுவிடும்.

இரண்டாவது குறிப்பை எடுப்போம். கணவர் இல்லை, பிள்ளைகள் சிறியவர்கள் என்பது அந்தப் பெண்ணைப் பற்றிய செய்தி. கூட்டம் பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்குகிறது, உள்வீதிகளுக்குப் போகும் பஸ் அதற்குப் பிறகு கிடைப்பது கஷ்டம் என்பது அலுவலகத்தைப் பற்றிய செய்தி. அறிக்கைப் படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதும் அலுவலகத்தைப் பற்றியதுதான். பின்னிரண்டும் சுருக்கத்துக்குப் போகலாம். அவற்றைத் திருத்தலாம், பணம் ஒதுக்கலாம். முதலாவதை வைத்துத் தலைமை அலுவலகம் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

எனவே முதல் படி குறியிடுதல். ஒவ்வொரு குறிப்பையும் வசனம் வசனமாகப் பிரித்து, பக்கத்தில் ஒரு சின்னத் தலைப்பு எழுதுவது. ‘அறிக்கை பிந்துதல்’, ‘கூட்ட நேரம்’, ‘படிவ மொழி’, ‘பயனாளியோடு பழக்கம்’, ‘டப்பில் தரவு ஏற்றுதல்’ என்று. மகளின் வருத்தத்துக்கும் புனர்வாழ்வுக்கும் கடன் பேச்சுக்கும் தலைப்பே போடக்கூடாது. தலைப்புப் போட்டுவிட்டால் அது எக்செல் தாளில் ஒரு நிரலாகிவிடும். நிரலாகிவிட்டால் பிறகு யாராவது அதை எண்ணுவார்கள்.

குறியிடுகிறவர் பார்க்கும் பிரதியில் பெயருக்குப் பதிலாக எழுந்தமானமாக ஓர் இலக்கம் இருக்க வேண்டும். ஊழியர் இலக்கமும் உதவாது, பெயர்களின் அகர வரிசையும் உதவாது. அந்த இரண்டும் எல்லோருக்கும் தெரியும். எந்த இலக்கம் யாருடையது என்ற பட்டியல் வேறொரு கோப்பில், வேறொருவரிடம் இருக்க வேண்டும்.

எத்தனை பேர் சொன்னால் அது கருப்பொருள்?

அடுத்தது எண்ணுவது. இதில் இரண்டு எண்ணிக்கை வேண்டும்: எத்தனை ஊழியர்களின் படிவத்தில் வந்தது, எத்தனை மேற்பார்வையாளர்கள் எழுதினார்கள். பலர் முதலாவதை மட்டும் எண்ணுகிறார்கள்.

நம் கட்டில் ‘சுயமாக முன்வந்து வேலை செய்வதில்லை’ என்பது 7 படிவங்களில் இருக்கிறது. 32இல் 7 என்றால் கொஞ்சமல்ல. ஆனால் ஏழையும் எழுதியவர் ஒரே மேற்பார்வையாளர். அவருக்குக் கீழே இருப்பது எட்டுப் பேர். எட்டில் ஏழு பேருக்கு ஏறத்தாழ ஒரே வசனம். இது ஊழியர்களைப் பற்றிய செய்தியாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஒன்றில் அந்தக் குழுவின் வேலையில் சுயமாகச் செய்ய இடமில்லை, அல்லது அவர் படிவங்களை நிரப்பிய விதம் அப்படி. எப்படியானாலும் இதைக் கருப்பொருளாக எழுதினால் ஒருவரின் பார்வை அலுவலகம் முழுவதன் தீர்ப்பாகிவிடும். அதோடு, எந்தக் குழு என்று ஊரே அறிந்துகொள்ளும். இது அறிக்கையில் வரக்கூடாது. அந்த மேற்பார்வையாளரோடு நேரில் பேசவேண்டிய விஷயம்.

இப்படிப்பட்ட சிறிய அலுவலகத்துக்கு நான் வைக்கும் எல்லை இது: குறைந்தது ஐந்து ஊழியர்களின் படிவத்தில், குறைந்தது மூன்று மேற்பார்வையாளர்களின் கையால் வந்திருந்தால்தான் அது கருப்பொருள். ஐந்து என்பது வேதவாக்கல்ல. புள்ளிவிபர அலுவலகங்கள் சிறிய எண்களை மறைக்கும்போதும் இதைப் போன்ற எல்லைகளைத்தான் வைக்கின்றன. சில இடங்களில் பத்து. முக்கியமானது, குறிப்புகளை வாசிக்க முன்பே எல்லையை எழுதி வைப்பது. வாசித்த பிறகு எல்லை போட்டால், சொல்ல ஆசைப்படும் விஷயத்துக்கு ஏற்றபடி அது வளைந்துவிடும்.

‘அறிக்கை பிந்துதல்’ 14 படிவங்களில், நான்கு மேற்பார்வையாளர்களிடம் இருந்தது. இது கருப்பொருள். காரணங்களில் ‘தூரமும் சிக்னல் இல்லாமையும்’ 6 படிவங்களில், ‘கூட்ட நேரம்’ 4 படிவங்களில், ‘படிவ மொழி’ மூன்று மேற்பார்வையாளர்கள் எழுதிய 5 படிவங்களில். கூட்ட நேரம் மட்டும் எல்லைக்குக் கீழே நிற்கிறது. அந்த நால்வரும் பெண்கள் என்பதால் தனியாகச் சொன்னால் ஆள் தெரியும். விட்டுவிட்டாலோ, திருத்த மிகச் சுலபமான ஒரு காரணம் காணாமல் போய்விடும். இப்படியான இடத்தில் பக்கத்துத் தலைப்போடு சேர்த்து அகலமாக்கலாம். தூரம், சிக்னல், கூட்ட நேரம் மூன்றும் ‘வேலை நேரமும் போக்குவரத்தும்’ என்ற ஒரே தலைப்புக்குள் இயல்பாக அடங்கும். இரண்டு படிவங்கள் இரண்டிலும் வருவதால் சேர்த்து எண்ணினால் 8 படிவங்கள், நான்கு மேற்பார்வையாளர்கள். எல்லையைத் தாண்டிவிட்டது, கூட்ட நேரமும் உள்ளே வந்துவிட்டது.

மூன்றாவது குறிப்பில் இருந்த கால் காயத்துக்கு இப்படி வழி கிடைக்காது. தூரக் கிராமங்களை மோட்டார் சைக்கிளில் போவதற்கென்று பிரித்த ஏற்பாடு அவரை மட்டும்தான் இடிக்கிறது. ஒருவருக்கு மட்டும் உரியதை எந்தச் சொல்லில் எழுதினாலும் அவரைச் சுட்டும். ‘உடல்நலக் காரணம்’ என்று மழுப்பினாலும் அவர்தான். அது சுருக்கத்துக்குப் போகக்கூடாது. அவருடைய மேற்பார்வையாளர் அவரோடு பேசி, அவர் விரும்பினால் பகுதியை மாற்றிக் கொடுக்கலாம். அதற்கு இரண்டு பக்க அறிக்கை தேவையே இல்லை.

கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்

எல்லை போட்ட பிறகும் ஒரு பொறி இருக்கிறது. அனுபவம் உள்ளவர்களும் இதில் விழுகிறார்கள்.

‘டப்பில் தரவு ஏற்றுவதில் தடுமாற்றம்’ 9 படிவங்களில் வந்தது, மூன்று மேற்பார்வையாளர்கள் எழுதினார்கள். பொது அறிக்கையில் ‘32 பேரில் 9 பேருக்கு’ என்று போட்டாயிற்று. பிறகு களப்பணிப் பிரிவுக்கென்று தனியாக ஒரு பக்கம் கேட்டார்கள். அதில் ‘22 பேரில் 8 பேருக்கு’ என்று வந்தது. இரண்டும் தனித்தனியே எல்லையைத் தாண்டியவை. ஆனால் இரண்டையும் கையில் வைத்திருப்பவர் ஒன்பதிலிருந்து எட்டைக் கழிப்பார். களத்துக்கு வெளியே உள்ள பத்துப் பேரில் ஒருவர். அந்தப் பத்துப் பேரில் டப் வைத்திருப்பவர் சரக்கு வரவைப் பதியும் களஞ்சியப் பொறுப்பாளர் மட்டும்தான். கணக்கு முடிந்தது.

அதனால் சிறிய அலுவலகத்துக்குப் பிரிவு வாரியாக அறிக்கை எழுதாமல் விடுவதே நல்லது. எழுதத்தான் வேண்டும் என்றால் மீதியில் நிற்கும் எண்ணும் எல்லைக்கு மேலே இருக்கிறதா என்று கழித்துப் பார்த்துவிட்டு வெளியே விட வேண்டும். சதவீதமும் இதே போலத்தான். ‘3.1 சதவீதம்’ என்று எழுதினால் பெரிய ஆய்வு போலத் தோன்றும். 32 பேரில் 3.1 சதவீதம் என்பது ஒரு ஆள்.

போன வருட அறிக்கையும் ஒரு கழித்தல் கணக்குத்தான். போன வருடம் இருந்த ஒரு குறை இந்த வருடம் மறைந்திருந்து, இடையில் ஒருவர் மட்டும் வேலையை விட்டுப் போயிருந்தால், குறை யாருடையது என்று சொல்லவேண்டியதில்லை.

இதற்காக, எண்களை விட்டுவிட்டுச் சொற்களில் எழுதுவதையே நான் விரும்புகிறேன். ஆனால் சொற்களுக்கு அளவு இருக்க வேண்டும். அறிக்கையின் தலையில் ஒரு வரி போதும்: ‘சிலர்’ என்றால் ஐந்து முதல் ஒன்பது படிவங்கள், ‘பலர்’ என்றால் பத்து முதல் பாதி வரை, ‘பெரும்பாலானோர்’ என்றால் பாதிக்கு மேல். ஐந்துக்குக் குறைந்ததற்குச் சொல்லே கிடையாது. அளவில்லாமல் எழுதினால், எழுதுகிறவருக்கு எரிச்சல் தந்த ஒரேயொரு ஆளும் ‘சிலர்’ ஆகிவிடுவார்.

மேற்கோளும் வினைமுற்றும்

அறிக்கைக்கு உயிர் வரட்டும் என்று மேற்பார்வையாளரின் வசனத்தை அப்படியே மேற்கோளாகப் போடுவது வழக்கம். சிறிய அலுவலகத்தில் இது இரண்டு பேரைக் காட்டிக்கொடுக்கும். யாரைப் பற்றிய வசனம் என்பது ஒன்று, யார் எழுதியது என்பது மற்றது. ஒருவர் ஆங்கிலம் கலந்து எழுதுவார், ஒருவர் பழைய பள்ளிக்கூடத் தமிழில் எழுதுவார், இன்னொருவர் பேச்சை அப்படியே எழுதுவார். சக ஊழியர்களுக்கு ஒரு வரி போதும். மேற்கோள் வேண்டுமென்றால் பல குறிப்புகளின் கருத்தைச் சேர்த்து எழுதுபவரே ஒரு வசனம் அமைத்து, அது சேர்த்து அமைத்தது என்று சொல்லிவிடலாம்.

தமிழில் எழுதும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘பிந்திக் கொடுத்தாள்’, ‘வந்தவன்’ என்று வினையிலேயே பால் வந்துவிடும். 22 கள உத்தியோகத்தர்களில் பெண்கள் ஆறு பேர் என்றால், அந்த ஒரு விகுதியே பதினாறு பேரைக் கழித்துவிடுகிறது. பலவின்பாலிலும் செயப்பாட்டிலும் எழுதினால் இது வராது: ‘அறிக்கைகள் பிந்துகின்றன’, ‘தரவு பிறகு ஏற்றப்படுகிறது’. வசனத்தின் எழுவாயாக ஆளை வைக்காமல் வேலையை வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

கோப்பும் கதை சொல்லும். எக்செல்லில் மறைத்து வைத்த நிரல் ஒரு சொடுக்கில் திறந்துகொள்ளும். வேர்ட்டில் திருத்தங்களைப் பதியும் வசதி போடப்பட்டிருந்தால், நீக்கிய பெயரும் பக்கத்தில் எழுதிய குறிப்பும் உள்ளேயே இருக்கும். அதனால் திருத்தங்களை ஏற்று, பக்கக் குறிப்புகளை நீக்கி, இறுதி வாசகத்தைப் புதிய வெறுங்கோப்பில் ஒட்டி, அதை பிடிஎப் ஆக்கி அனுப்ப வேண்டும். மூலக் குறிப்புகளின் படத்தை வாட்ஸ்அப்பில் ‘ஒருக்கா பாருங்கோ’ என்று அனுப்பினால் மற்றக் கவனமெல்லாம் வீண். அந்தப் படம் எத்தனை கைப்பேசிகளில் இருக்கிறது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

சட்டம் எங்கே நிற்கிறது?

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிலவகைத் தரவுகளை விசேட வகையாகப் பிரிக்கிறது. உடல்நலம், இனம், அரசியல் கருத்து, மத நம்பிக்கை, குற்றச் செயல்களும் வழக்குகளும், சிறுவர் பற்றிய தரவு ஆகியவை அதில் அடங்கும். ஒரு நோக்கத்துக்காகத் திரட்டிய தரவை அந்த நோக்கத்துக்குப் போதுமான, பொருத்தமான அளவில் மட்டும் கையாள வேண்டும் என்பதும் அதன் அடிப்படை. நம் முதல் குறிப்பில் ஒரே வசனத்தில் உடல்நலமும் சிறுவர் தரவும் சேர்ந்து வருகின்றன. அந்த மகள் நிறுவனத்தின் ஊழியரும் அல்ல.

புனர்வாழ்வு விஷயத்தைத் தனியே சொல்ல வேண்டும். போர் முடிந்த பின் ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்களுக்கூடாக வந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் நீதிமன்றத்தில் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டவர்கள் அல்லர். சட்டத்தின் எந்த வகைக்குள் இந்தத் தகவல் அடங்கும் என்று சட்டத்தரணிகள் வாதிடலாம். வன்னியில் அந்த ஒரு சொல் எழுத்தில் போனால் என்ன நடக்கும் என்பதற்கு வாதம் தேவையில்லை. விசாரிக்க வீட்டுக்கு யார் வருவார்கள், அடுத்த வேலைக்குப் போகும்போது யார் அதைக் கேட்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். கூட்ட நேரத்தைப் பற்றிய சுருக்கத்தோடு சேர்ந்து அந்தச் சொல் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கொடையாளரின் கோப்புக்குப் போவதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

கொழும்பில் இருந்து சுருக்குபவருக்கு இவற்றில் பல கண்ணில் படாது. ‘மெனிக் பாமில் எங்களோடு இருந்தவர்’, ‘அந்த நாளில் மருத்துவப் பிரிவில் வேலை செய்தவர்’ என்ற வசனங்கள் அவருக்குச் சாதாரண அனுபவக் குறிப்பு. இங்குள்ளவருக்கு அவை முழு வரலாறு. அதனால் எதை நீக்குவது என்று முடிவு செய்யும் கை உள்ளூர்க் கையாக இருக்க வேண்டும். ஆனால் அதே அலுவலகத்தில் வேலை செய்பவராக இருக்கக்கூடாது. வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ உள்ள இன்னொரு கிளையின் ஆள் பொருத்தம்.

கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுங்கள்

எழுதி முடித்ததும் சோதிக்க வேண்டும். ‘கண்டுபிடித்தே தீருவேன்’ என்று முனையும் ஒருவரிடம் பெயர் நீக்கிய தரவு தாக்குப்பிடிக்குமா என்று பார்க்கும் சோதனை ஒன்றைப் பிரித்தானியாவின் தகவல் ஆணையாளர் அலுவலகம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டியில் விவரித்தது. அதில் முனைபவர் விசேட அறிவு இல்லாத சாதாரண ஆள். வன்னிக்கு அந்த அளவு போதாது. இங்கே சோதிப்பவருக்கு அலுவலகத்தைத் தெரிந்திருக்க வேண்டும். முன்பு இங்கே வேலை செய்து இப்போது வேறு கிளையில் இருக்கும் ஒருவரிடம் இறுதி வரைவை மட்டும் கொடுத்து, ‘ஒவ்வொரு வசனமும் யாரைப் பற்றி என்று நினைக்கிறீர்கள், பக்கத்தில் எழுதுங்கள்’ என்று கேட்க வேண்டும். மூலக் குறிப்புகளை அவருக்குக் காட்டக்கூடாது.

ஒரு பெயரைச் சரியாக எழுதினால் அந்த வசனம் திரும்ப எழுதப்பட வேண்டும். பிழையான பெயரை உறுதியோடு எழுதினாலும் அப்படித்தான். சம்பந்தமில்லாத ஒருவரின் மேல் பழி விழுவதற்கான அடையாளம் அது. ஒன்றையும் எழுத முடியாமல், ‘இது எல்லாருக்கும்தானே’ என்று அவர் சொன்னால் வரைவு தயார்.

நம் கட்டிலிருந்து கடைசியில் வெளியே போகக்கூடிய பந்தி இது:

“மாத அறிக்கைகள் உரிய திகதிக்கு வந்து சேராமை பலரது படிவங்களில் குறிப்பிடப்பட்டுள்ளது. இதற்கு இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. ஒன்று, வேலை நேரமும் போக்குவரத்தும்: உட்கிராமங்களில் சிக்னல் இல்லாததால் தரவை ஏற்ற அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது, கூட்டங்கள் பின்னேரம் நாலு மணிக்கு வைக்கப்படுவதால் அந்த நேரமும் போய்விடுகிறது. மற்றது, அறிக்கைப் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பது. பயனாளிகளுடனான உறவு பெரும்பாலானோரின் படிவங்களில் பலமாகச் சொல்லப்பட்டுள்ளது. அறிக்கை பிந்தியவர்களின் படிவங்களிலும் அப்படியே.”

இதை வாசிக்கும் தலைமை அலுவலகம் மூன்று விஷயங்களைச் செய்யலாம்: கூட்டத்தைக் காலைக்கு மாற்றலாம், படிவத்தைத் தமிழில் தரலாம், தரவு ஏற்றுவதற்கு ஒரு நாள் கூடுதலாகக் கொடுக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் தாய்க்கும் தனியே பிள்ளை வளர்ப்பவருக்கும் அவை மூன்றும் உதவும். அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் அந்தப் பந்தியில் இல்லை.

கடன் பற்றிய குறிப்பு மிச்சம் இருக்கிறது. அதில் வேலையைப் பற்றி ஒன்றுமில்லை. பணம் குறைந்ததாகவோ கணக்குப் பிழைத்ததாகவோ எழுதவில்லை, ‘கேள்வி’ மட்டும்தான். இதைச் சுருக்குபவர் பேசாமல் தவிர்த்துவிட்டாலும் மூலப் படிவத்தில் அது இருந்துகொண்டே இருக்கும். அடுத்த பதவி உயர்வின்போது யாரோ புரட்டுவார்கள். ஆகவே அது மனிதவளப் பொறுப்பாளர் வழியாக எழுதியவரிடம் திரும்பிப் போக வேண்டும்: வேலையில் கண்ட சம்பவம் ஏதும் இருந்தால் திகதியோடு எழுதுங்கள், இல்லாவிட்டால் நீக்குங்கள் என்று. அதைப் போலவே, துன்புறுத்தல், பண மோசடி, உயிராபத்து என்று ஒரு குறிப்பு வந்தால், ஒரே படிவத்தில் வந்திருந்தாலும், எல்லைக் கணக்குப் பார்க்காமல் முறைப்பாட்டு வழிக்கு உடனே போக வேண்டும். ஐந்து பேர் சொல்லும்வரை அதை வைத்திருக்க முடியாது. கருப்பொருள் அறிக்கை அதற்கான இடமும் இல்லை.

அடுத்த வருடப் படிவத்திலேயே பாதி வேலையை முடித்துவிடலாம். ‘மேற்பார்வையாளரின் குறிப்பு’ என்று வெறும் பெட்டியைக் கொடுத்தால் மனதில் இருப்பதெல்லாம் வரும். அதன் இடத்தில் இரண்டு கேள்விகளை வைக்கலாம்: ‘இந்த வருடம் இவருடைய வேலையில் நீங்கள் நேரில் கண்ட ஒரு விஷயம் என்ன?’, ‘இவருடைய வேலை இலகுவாக அலுவலகம் எதை மாற்ற வேண்டும்?’ கீழே சிறிய எழுத்தில், நோய், குடும்பம், கடன், கடந்தகாலம் பற்றி இங்கே எழுத வேண்டாம், உதவி தேவைப்பட்டால் நேரில் சொல்லுங்கள் என்று ஒரு வரி. மூலக் குறிப்புகளை எத்தனை மாதம் வைத்திருப்பது, இலக்கப் பட்டியலை யார் எப்போது அழிப்பது என்பதையும் படிவம் கொடுக்கும் அன்றே எழுதி, மேற்பார்வையாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் சேர்த்தே வாசித்துக் காட்டிவிட வேண்டும்.